நாலு ஃபைல் வந்தது, லாட் 16 எங்கே? இணைப்பைச் சரிபார்க்க எந்த வழி தேறும்

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்கிற மேசை என்னுடையது. சீசனில் பெங்களூரா காய் லாரி லாரியாக வந்து இறங்கும்போது ஆலைக்குள் எவ்வளவு நெரிசலோ அவ்வளவு நெரிசல் என் மெயிலிலும் இருக்கும். லேப் அறிக்கை, பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், ஷிப்பிங் ஏஜென்டின் திருத்தம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும். பெரும்பாலானவற்றில் "இத்துடன் இணைத்துள்ளோம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி சொல்வதும் கீழே தொங்குவதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பாதி. அதை நான் ஒழுங்காகச் செய்யாத ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மாலை நாலே முக்காலுக்கு லேபிலிருந்து மெயில். "லாட் 14 முதல் 17 வரையிலான பரிசோதனை அறிக்கைகளை இத்துடன் இணைத்துள்ளோம். இணைப்பு: 4." கீழே எண்ணினேன், நான்கு ஃபைல். சரி என்று அப்படியே வெளிநாட்டில் வாங்குபவருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து பதில்: 14, 15, 17 சரி, 16 எங்கே? திறந்து பார்த்தால் நான்கு ஃபைலின் பெயரும் இப்படி இருந்தது:

```
Lab-14.pdf
Lab-15.pdf
Lab-15 (1).pdf
Lab-17.pdf
```

ஒரே ஃபைலை இரண்டு முறை டவுன்லோடு செய்தால் பிரவுசர் இரண்டாவதுக்கு அடைப்பில் 1 போடும், அவ்வளவுதான் நடந்தது. லேபில் இருக்கும் தம்பி 16-ஐத் தொடுவதாக நினைத்து 15-ஐயே இன்னொரு தடவை இறக்கியிருக்கிறார். எண்ணிக்கை நான்கு, அறிக்கை மூன்று. அந்த கன்டெய்னரில் போக வேண்டியது 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ, லாட்டுக்கு 20 டிரம். அறிக்கை பார்த்து வாங்குபவர் சரி சொல்லாமல் அந்த 20 டிரம்மை ஏற்ற முடியாது, 60 டிரம்மோடு கன்டெய்னரை அனுப்பவும் முடியாது. காலி கன்டெய்னர் ஆலை வாசலில் வந்து நிற்கிறது, அதற்கு நாள் கணக்கு ஓடுகிறது.

கன்டெய்னர் போன பிறகு முதலாளி கூப்பிட்டு, "இனிமே இதை எப்படிப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டார். கணக்குப் பார்க்கிற அண்ணன் மெயில் புரோகிராமிலேயே எச்சரிக்கை வசதி இருக்கிறதே என்றார். முதலாளியின் மகன், ஃபைலே அனுப்பாதீர்கள், டிரைவில் போட்டு லிங்க் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். லோடிங் பார்க்கிறவர் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்-ஆக ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். நான், கடிதத்தில் இருக்கிற இணைப்பு வரியையே உருப்படியாக எழுத வைத்து, வரிக்கு வரி பார்க்கலாம் என்றேன். நாலையும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் எச்சரிக்கை வசதி. ஜிமெயிலில் "I have attached" என்று எழுதிவிட்டு எதையும் இணைக்காமல் அனுப்பினால், ஃபைல் இணைக்க மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறதே, இப்படியே அனுப்பவா என்று கேட்கும். அவுட்லுக்கிலும் இது உண்டு, தண்டர்பேர்டிலும் உண்டு. தண்டர்பேர்டில் எந்தச் சொல்லைப் பார்த்தால் எச்சரிக்க வேண்டும் என்ற பட்டியலை நாமே திருத்தலாம், அதனால் தமிழ்க் கடிதம் அதிகம் எழுதுகிறவர்களுக்கு அது வசதி. அமைப்புகளில் Composition பகுதியில் இருக்கிறது. "இணைப்பு" என்று மொட்டையாகச் சேர்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். நாம் எழுதுவது "இணைத்துள்ளேன்", "இணைக்கப்பட்டுள்ளது", "இத்துடன்", அப்புறம் ஆபீஸ் பழக்கத்தில் PFA என்ற மூன்றெழுத்து. எழுதுகிற வடிவத்தையே சேர்த்து, உங்களுக்கே ஒரு சோதனை மெயில் எழுதிப் பாருங்கள்.

இதில் ஒரு நன்மை உண்மையிலேயே இருக்கிறது. ரிப்ளை கொடுத்தால் பழைய மெயிலின் இணைப்பு கூட வராது, ஃபார்வர்டு செய்தால்தான் வரும். இது தெரியாமல் "இணைப்பைப் பார்க்கவும்" என்று ரிப்ளையில் எழுதி அனுப்புகிறவர்கள் எங்கள் ஊரில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தத் தவறை இந்த எச்சரிக்கை பிடித்துவிடும். ஆனால் அது கேட்பது ஒரே ஒரு கேள்வி: ஒரு ஃபைலாவது இருக்கிறதா, இல்லையா? நான்கு என்று எழுதி மூன்று இணைத்தால் வாயைத் திறக்காது. 16 என்று எழுதி 15-ஐ இணைத்தாலும் அப்படித்தான். அதற்கு மேல், அது அனுப்புகிறவர் பக்கம் நிற்கிற காவல். வாங்குகிற என் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. என் வெள்ளிக்கிழமைத் தவறை அது பிடித்திருக்காது.

அடுத்தது லிங்க். முதலாளி மகன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஏனென்றால் ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்பி வரைக்கும்தான் போகும். மெயிலில் ஃபைலை எழுத்தாக மாற்றி அனுப்புவதால் மூன்று பங்கு நாலு பங்காகிவிடும். அதனால் ஒரு பக்கம் போய்ச் சேரும் அளவு இன்னொரு பக்கத்தில் அதிகம் என்று திரும்பி வரலாம். டிரம் சீல், கன்டெய்னர் உள்பக்கம் என்று எடுக்கிற போட்டோக்கள் முப்பது நாற்பது இருக்கும், அவற்றுக்கு லிங்க்தான் சரி.

லேப் அறிக்கைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: அனுமதி கொடுக்காமல் அனுப்பிவிடுவார்கள், வாங்குபவர் ராத்திரியில் திறந்து பார்த்து, அனுமதி கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார், நமக்கு ஒரு நாள் போகும். இன்னொன்று அவ்வளவாகக் கண்ணில் படாதது. டிரைவில் ஒரு ஃபைலுக்குப் புதிய பதிப்பு ஏற்றினால் லிங்க் மாறாது, உள்ளே இருப்பது மட்டும் மாறும். வெள்ளிக்கிழமை நான் பார்த்த அறிக்கையும் புதன்கிழமை வாங்குபவர் பார்க்கிற அறிக்கையும் ஒன்றுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. கூழின் இனிப்பைச் சொல்கிற பிரிக்ஸ் அளவில் ஒரு புள்ளிக்காகத் தகராறு வரும் தொழிலில், அன்றைக்கு என்ன வந்தது என்பது மெயிலிலேயே உறைந்து கிடக்க வேண்டும்.

ஒட்டிய பிடிஎஃப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஃபைல் தவறாது, பக்கம் தவறும். எட்டுப் பக்கத்தில் ஆறுதான் இருக்கிறது என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தனியாகக் கேட்கிற ஷிப்பிங் ஏஜென்ட் அதைத் திரும்பவும் பிரிக்கச் சொல்வார். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டோம்.

மிஞ்சியது இணைப்பு வரி. அரசு அலுவலகக் கடிதம் பார்த்தவர்களுக்கு "இணைப்பு: மேற்கண்டவாறு" என்ற வரி நன்றாகத் தெரியும். மேலே தேடினால் "தொடர்புடைய ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளன" என்று இருக்கும். எந்த ஆவணம், எத்தனை, எத்தனை பக்கம்? ஒன்றும் இருக்காது. இந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு ஃபைல் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதிரில் ஒன்றும் இல்லை. "இணைப்பு: 4" என்பது அதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். என்னைக் கவிழ்த்தது அந்த வரிதானே.

எண்ணிக்கை ஏமாற்றுவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சிலரது கையெழுத்துப் பகுதியில் கம்பெனி லோகோ ஒரு படமாக இருக்கும், அது image001.png என்ற பெயரில் இணைப்புகளோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்டவரிடமிருந்து நான்கு வர வேண்டிய இடத்தில் மூன்று வந்தால், லோகோவோடு சேர்த்து கணக்கு நான்காகிவிடும். அழகாகச் சரியாக வரும்.

அதனால் லேபிடம் இப்படி எழுதச் சொன்னோம்:

```
இணைப்பு (4):
1. லாட் 14 அறிக்கை, 2 பக்கம் - Lab-14.pdf
2. லாட் 15 அறிக்கை, 2 பக்கம் - Lab-15.pdf
3. லாட் 16 அறிக்கை, 3 பக்கம் - Lab-16.pdf
4. லாட் 17 அறிக்கை, 2 பக்கம் - Lab-17.pdf
```

இதை எழுதுகிற தம்பிக்கு ஒரு நிமிடம் கூடுதல் வேலை, முதலில் முணுமுணுத்தார். ஆனால் பக்க எண்ணிக்கையை எழுத வேண்டும் என்றால் ஃபைலைத் திறந்தாக வேண்டும், திறந்தால் 15-ஐ 16 என்று நினைக்க வாய்ப்பில்லை. பாதித் தவறு அங்கேயே நின்றுவிடுகிறது.

என் பக்கத்தில் பார்க்கிற வரிசையை மாற்றினேன், எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம். முன்பெல்லாம் ஃபைலைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைப் படிப்பேன். அப்படிப் படித்தால் கண் ஏற்கெனவே பார்த்ததையே கடிதத்திலும் பார்க்கும். இப்போது முதலில் கடிதத்தை மட்டும் படித்து, அது எதையெல்லாம் தருவதாகச் சொல்கிறது என்று ஒரு துண்டுத்தாளில் 14, 15, 16, 17 என்று எழுதிக்கொள்வேன். பிறகுதான் கீழே போய்ப் பெயர் பார்ப்பேன். பெயர் பொருந்தினாலும் முதல் பக்கத்தைத் திறந்து லாட் எண், தேதி, கீழே பக்கம் 1/2 என்று இருக்கிறதா, இந்த மூன்றை மட்டும் பார்ப்பேன். Lab-16.pdf என்று பெயர் மாற்றப்பட்ட லாட் 15 அறிக்கை ஒரு முறை வந்திருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். நாலு ஃபைலுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

கடிதத்தைப் படிக்கும்போது நம் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "அறிக்கையை அனுப்புகிறேன்" என்றால் இப்போது இதோடு அனுப்புகிறாரா, நாளைக்கு அனுப்பப் போகிறாரா? பேச்சில் இரண்டுக்கும் அதையேதான் சொல்கிறோம். "இத்துடன்" என்ற சொல் இருந்தால் ஃபைல் இருந்தாக வேண்டும். "தனியே", "தபாலில்" என்றிருந்தால் இருக்கக் கூடாது. எதுவும் இல்லாமல் வெறும் "அனுப்புகிறேன்" என்றால் காணோம் என்று சத்தம் போடுவதற்கு முன்னால், "இன்றைக்கா, பிறகா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பொய் எச்சரிக்கைக்கு இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. "இணைத்துள்ளோம்" என்ற வரி, அவர் புதிதாக எழுதியதா, கீழே ஒட்டியிருக்கும் பழைய மெயிலில் இருப்பதா என்று பாருங்கள். பழையது என்றால் ஃபைல் அந்தப் பழைய மெயிலில் இருக்கும். அதே பேச்சில் அடுத்த மெயிலாக "முந்தையதில் விட்டுப்போனது" என்று வந்திருக்கலாம். அவுட்லுக்கிலிருந்து அனுப்பியது சில சமயம் winmail.dat என்ற ஒற்றை ஃபைலாக வந்து நிற்கும். மூன்று ஃபைல் சொன்னார், ஒன்றுதான் வந்தது, அதுவும் திறக்கவில்லை என்று தோன்றும், ஆனால் மூன்றும் அதற்குள்ளேதான் இருக்கும். ரிச் டெக்ஸ்ட் வடிவத்தை மாற்றி எச்டிஎம்எல்-இல் திரும்ப அனுப்பச் சொன்னால் போதும்.

இதெல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் Show original தட்டுவேன். ஒரு பக்கம் முழுக்கப் புரியாத எழுத்தாக வரும், பயப்பட வேண்டாம், filename என்று தேடினால் போதும். வந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Content-Disposition: attachment; filename="Lab-15 (1).pdf"
```

16-க்கு அப்படி ஒரு வரி இல்லை என்றால் அது என் பெட்டிக்கு வரவே இல்லை. ஆனால் அவர் அனுப்பவில்லை என்று மட்டும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சில அலுவலகங்களின் மெயில் காவல் ஜிப் ஃபைலையோ மேக்ரோ உள்ள எக்செல்லையோ வழியிலேயே எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோம் என்று ஒரு சின்னக் குறிப்பை வைத்துவிடும். அதனால் எழுதும்போது "நீங்கள் இணைக்கவில்லை" என்று எழுதுவதில்லை, "எங்களுக்கு வரவில்லை" என்றுதான்.

எழுதுவது பற்றிச் சொல்லியாக வேண்டும், செவ்வாய்க்கிழமை நான் சொதப்பியது அங்கேதான். வாங்குபவரின் பதிலைப் பார்த்த பதற்றத்தில் லேபுக்கு, "ரிப்போர்ட் முழுசா வரலை, மறுபடி அனுப்புங்க" என்று ஒரு வரி தட்டிவிட்டேன். தம்பி அனுப்பியவற்றைத் திறந்து பார்த்திருக்கிறார், நான்கு ஃபைல் இருக்கிறது, "அக்கா நாலும் போயிருக்கு, மறுபடி ஃபார்வர்டு பண்ணிட்டேன், செக் பண்ணுங்க" என்று அதே மெயிலை அப்படியே திரும்ப அனுப்பிவிட்டார். அதே 14, 15, 15 (1), 17. நான் மதியம் வரை அதைத் திறக்கவில்லை. அரை நாள் போனது. அவர் மேல் தப்பில்லை, எதைக் காணோம் என்று நான் சொல்லவே இல்லையே.

மதியத்துக்குப் பிறகு எழுதியது இது:

"தம்பி, கடிதத்தில் லாட் 14, 15, 16, 17 என்று நான்கு அறிக்கை சொல்லியிருக்கிறீர்கள். எங்களுக்கு வந்தவை: Lab-14.pdf, Lab-15.pdf, Lab-15 (1).pdf, Lab-17.pdf. இரண்டு 15-ம் ஒரே அறிக்கை, திறந்து பார்த்துவிட்டேன். லாட் 16 அறிக்கை எங்களுக்கு வரவில்லை. அதை மட்டும் அனுப்புங்கள், மற்ற மூன்றும் வேண்டாம்."

பத்து நிமிடத்தில் வந்தது. மூன்று பக்கம், பிரிக்ஸ் 14.2. இந்தக் குறிப்பில் கடைசி வாக்கியம் சும்மா இல்லை. "எல்லாவற்றையும் மறுபடி அனுப்புங்கள்" என்று கேட்டால் 14-க்கு இரண்டு பிரதி, 17-க்கு இரண்டு பிரதி ஆகும், அதில் ஒன்று திருத்தியதாக இருந்துவிட்டால் எது செல்லும் என்று அடுத்த குழப்பம் ஆரம்பிக்கும். இன்னொன்று, இது ரிப்ளையாக அதே மெயிலுக்குக் கீழேயே போக வேண்டும். அவசரம் என்றால் போனும் அடிப்பேன், ஆனால் போனில் மட்டும் சொல்லி வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டால், ஆறு மாதம் கழித்து ஆடிட்டில் அந்த மெயிலைத் திறப்பவருக்கு லாட் 16 இன்னும் காணாமல்தான் இருக்கும்.

கடைசியில் எது? எச்சரிக்கை வசதியை எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் போட்டுவைத்தோம், காசா பணமா, கிடக்கட்டும். போட்டோவுக்கு லிங்க். அறிக்கை, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் பெயரும் பக்கமும் எழுதிய இணைப்பு வரியோடு ஃபைலாகவே வர வேண்டும், பார்க்காமல் ஃபார்வர்டு கிடையாது என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். சீசனில் ஒரு நாளைக்கு இது எனக்கு அரை மணி நேரம் கூடுதல் வேலை, காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது அது சின்ன நேரம் இல்லை. அதனால் உள்ளூர் டீசல் பில், வண்டி ரசீது மாதிரியானவற்றுக்கு இவ்வளவு பார்ப்பதில்லை, ஏதாவது ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். ஆலையை விட்டு வெளியே போகிற ஆவணத்துக்குத்தான் துண்டுத்தாள்.

லேபும் ஷிப்பிங் ஏஜென்டும் புது வரிக்குப் பழகிவிட்டார்கள். ஒரே ஓர் அலுவலகத்திலிருந்து மட்டும் இன்னும் "இணைப்பு: மேற்கண்டவாறு" என்றுதான் வருகிறது. அவர்களை மாற்ற முடியாது என்று விட்டுவிட்டேன். அங்கிருந்து மெயில் வந்தால் வந்த ஃபைல்களின் பெயரையும் பக்கத்தையும் நானே வரிசையாக எழுதி, "எங்களுக்கு வந்தவை இவை, இவ்வளவுதானா?" என்று ரிப்ளை போடுகிறேன். "ஆம்" என்று ஒரு சொல் வரும். போன மாதம் மட்டும் "இல்லை, இன்னொன்று உண்டு" என்று வந்தது.